மாதவிடாய்க்கு முந்தைய நாள்கள்: உப்புசம், வலி, பசி எந்த நாளில், ஏன்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது மாதவிடாய் சுழற்சி அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். முதல் சில நாள்கள் மாதவிடாய், 14ஆம் நாள் அண்டம் விடுபடுதல், அதன்பின் 28ஆம் நாள் வரை லூட்டியல் நிலை. தேர்வுக்கு இது போதும். பாடம் முடிந்தபின் மேசை அருகே வந்து நிற்கும் மாணவியின் கேள்விக்கு மட்டும் அட்டவணையில் விடை இருக்காது. "மிஸ், எனக்கு 28 நாள் வர்றதே இல்ல. வர்றதுக்கு முன்னாடி வயிறு உப்பிப் போகுது, சுடிதார் நாடா இறுக்குது. சும்மா சும்மா பசிக்குது. அப்புறம் வலி. இதெல்லாம் எந்த நிலை மிஸ்?"

எர்ணாவூர்ப் பகுதியில் நான் கற்பிக்கும் வகுப்புகளில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் அம்மாக்களும், விடியற்காலையில் கம்பெனி வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களும் வீட்டில் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாருக்கும் இருக்கறதுதான், பொறுத்துக்கோ." பாதி உண்மை. எல்லாருக்கும் இருப்பது எது, இருக்கக் கூடாதது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போவதில்தான் சிக்கல். உப்புசம், வலி, பசி மூன்றும் ஒரே காரணத்தால் வருவதுபோலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் வேறு வழியில், வேறு நாளில் உச்சம் தொடுகிறது. அந்த நாளைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

முன்னோக்கி அல்ல, பின்னோக்கி எண்ணுங்கள்

அட்டவணையில் உள்ள 28 என்ற எண் ஒரு சராசரிதான். வளரிளம் பருவத்தில் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை இயல்பாகவே கருதப்படுகிறது. சுழற்சி நீளும்போது நீள்வது பெரும்பாலும் அதன் முதல் பாதி. அண்டகத்தில் ஃபாலிக்கிள் முதிர்வதற்கு ஒரு மாதம் 12 நாள் ஆகலாம், அடுத்த மாதம் 18 நாள் ஆகலாம். அண்டம் விடுபட்ட பிறகான பாதி அவ்வளவு மாறுவதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம்தான்.

ஏன் அந்தப் பாதி மட்டும் நிலையாக இருக்கிறது? அண்டம் வெளியேறிய பின் எஞ்சும் ஃபாலிக்கிள்தான் கார்பஸ் லூட்டியமாக மாறுகிறது. மஞ்சள் நிறமுள்ள இந்தத் தற்காலிகச் சுரப்பிக்குக் கிட்டத்தட்ட 14 நாள்தான் ஆயுள். அது புரோஜெஸ்டிரானையும் ஈஸ்ட்ரோஜனையும் சுரந்து கருப்பையின் உட்சுவரான எண்டோமெட்ரியத்தைத் தடித்து வைத்திருக்கிறது. கரு தங்கவில்லையென்றால் சுரப்பி தானாகவே சுருங்கி மடியும். கடைசி நான்கைந்து நாள்களில் புரோஜெஸ்டிரான் அளவு விறுவிறுவென்று இறங்கும். இறங்கி முடியும்போது உதிரப்போக்கு தொடங்கும். முந்தைய நாள்களின் தொல்லைகள் எல்லாம் இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒட்டியே வருகின்றன. ஆகவே போன மாத உதிரப்போக்கிலிருந்து முன்னோக்கி எண்ணினால் ஒன்றும் பொருந்தாது. அடுத்த உதிரப்போக்கின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து தன் தினசரி காலண்டரில் மூன்றே எழுத்துகளைக் குறித்து வந்தாள். உப்புசத்துக்கு 'உ', வலிக்கு 'வ', பசிக்கு 'ப'. உதிரப்போக்கின் முதல் நாளுக்கு ஒரு புள்ளி. வீட்டில் யார் பார்த்தாலும் புரியாது. அவளுடைய புள்ளிகள் ஜூன் 18, ஜூலை 20, ஆகஸ்ட் 16, செப்டம்பர் 15 ஆகிய நாள்களில் இருந்தன. இடைவெளி முறையே 32, 27, 30 நாள்கள். உப்புசம் தொடங்கிய நாள்கள் ஜூலை 16, ஆகஸ்ட் 12, செப்டம்பர் 12.

முன்னோக்கி எண்ணிப் பாருங்கள். உப்புசம் ஒரு மாதம் 29ஆம் நாள், அடுத்த மாதம் 24ஆம் நாள், அதற்கடுத்து 28ஆம் நாள் தொடங்கியிருக்கிறது. ஒழுங்கே இல்லாததுபோல் இருக்கும். "எனக்கு மட்டும்தான் கணக்கு தப்புது மிஸ்" என்றாள் அவள். பின்னோக்கி எண்ணியபோது, உதிரப்போக்குக்கு 4 நாள் முன், 4 நாள் முன், 3 நாள் முன். அவள் உடம்பு கணக்குத் தவறவே இல்லை. புள்ளிக்கு 14 நாள் முன்பு அண்டம் விடுபட்டிருக்கும் என்று கொண்டால் அது ஜூலை 6, ஆகஸ்ட் 2, செப்டம்பர் 1 அளவில் நடந்திருக்க வேண்டும். அதாவது சுழற்சியின் 19, 14, 17ஆம் நாள்கள். பாடநூலின் 14ஆம் நாளுடன் ஒத்துப்போனது ஒரே ஒரு மாதம்தான்.

இதில் ஒரு கொசுறும் கிடைத்தது. ஜூலை 6ஆம் தேதிக்கு நேராகத் தனியாக ஒரு 'வ' இருந்தது. அடிவயிற்றின் ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரம் வலித்ததாம். அண்டம் விடுபடும் சமயத்தில் சிலருக்கு இப்படி வலிப்பதுண்டு. மாதவிடாய் வரப்போகிறது என்று நினைத்து நாப்கினோடு பள்ளிக்கு வந்து, ஒன்றும் வராமல் குழம்பும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்தச் செய்தி போதும்.

அவளுடைய மற்ற குறிப்புகளில் ஒரு வரிசை தெரிந்தது. 'ப' முதலில் வந்தது, புள்ளிக்கு ஐந்தாறு நாள் முன்பே. 'உ' அடுத்து வந்து, புள்ளி வைத்த நாளில் மிகுந்து, மறுநாள் மறைந்தது. 'வ' கடைசியில், முந்தைய நாள் இரவோ அன்று காலையோ தொடங்கி ஒன்றரை நாள் நின்றது. இந்த வரிசைக்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பிள்ளைகளை அதிகம் வாட்டுவது வலி என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

வலி: உட்சுவர் வெளியிடும் வேதிப்பொருள்

புரோஜெஸ்டிரான் இருக்கும்வரை எண்டோமெட்ரியம் அமைதியாக இருக்கும். அது இறங்கியதும் உட்சுவரின் செல்கள் சிதையத் தொடங்கி, அவற்றின் சவ்வுகளிலுள்ள கொழுப்பு அமிலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உருவாகின்றன. மாதவிடாய் உதிரத்தில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் இருக்கிறது என்று பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1957இல் எழுதினார். பின்னர் அது புரோஸ்டாகிளாண்டின் என்று தெரிந்தது. கடும் வலி உள்ள பெண்களின் மாதவிடாய் உதிரத்தில் இதன் அளவு கூடுதலாக இருப்பதும் தெரிந்தது.

இது இரண்டு வேலை செய்கிறது. கருப்பைத் தசையை இறுகச் சுருங்க வைக்கிறது. அங்கே போகும் சிறு இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. உதிர்ந்த உட்சுவரை வெளியே தள்ளவும் இரத்தப்போக்கை மட்டுப்படுத்தவும் இரண்டும் தேவைதான். அளவு மிஞ்சும்போதுதான் தொல்லை. நம் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சுமார் 120 என்று வகுப்பில் சொல்கிறோம். கடும் வலி உள்ளவர்களுக்குக் கருப்பைக்குள் அழுத்தம் 150ஐத் தாண்டுவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அந்த நொடிகளில் கருப்பைத் தசைக்கு இரத்தம் போகாது. ஆக்சிஜன் கிடைக்காத தசை வலிக்கும். பிறகு தளரும், மீண்டும் இறுகும். அதனால்தான் வலி விட்டு விட்டு அலை அலையாக வருகிறது. முஷ்டியை ஒரு நிமிடம் விடாமல் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது சட்டென்று புரியும். சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு அதோடு சற்று அடங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

புரோஸ்டாகிளாண்டின் கருப்பையோடு நிற்பதில்லை. பக்கத்திலேயே குடல் இருக்கிறது, அதன் தசையும் இதே வகை. அதனால் முதல் நாளில் சிலருக்கு இரண்டு மூன்று முறை வயிற்றுப்போக்கு, குமட்டல், சில நேரம் வாந்தி. "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்வார்கள். காலண்டரைப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும்.

இந்த வகை வலி உதிரப்போக்குக்குச் சில மணி நேரம் முன்போ, அதனுடனோதான் தொடங்கும். முதல் நாள் உச்சம், இரண்டு மூன்று நாளுக்குள் முடியும். மூன்று நான்கு நாள் முன்பிருந்தே இருக்கும் கனமான, மந்தமான வலி பெரும்பாலும் உப்புசத்தின் பங்கு. இரண்டையும் 'வயித்து வலி' என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் நமக்குக் குழப்பம்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று. பெரியவளான முதல் ஓராண்டு, இரண்டாண்டுகளில் பல சுழற்சிகளில் அண்டமே விடுபடுவதில்லை. அண்டம் விடுபடாவிட்டால் கார்பஸ் லூட்டியம் இல்லை, புரோஜெஸ்டிரான் ஏறி இறங்குவதும் இல்லை. ஆகவே உதிரப்போக்கு வரும், அதிக வலி இருக்காது. ஆறாம் வகுப்பில் வலியே இல்லாமல் ஓடி விளையாடிய பெண் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் சுருண்டு படுப்பது இதனால்தான். "முன்னே நல்லா இருந்தா, இப்போதான் ஏதோ ஆயிடுச்சு" என்று பயப்படும் அம்மாவிடம், சுழற்சி முதிர்ந்து அண்டம் விடுபடத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். மாறாக, பெரியவளான முதல் மாதத்திலிருந்தே தாங்க முடியாத வலி என்றால் அது இயல்பான வரிசைக்கு மாறானது. மருத்துவர் பார்க்க வேண்டும்.

மாத்திரை பற்றிய கேள்வி இங்கே வந்துவிடும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் காட்டியவர் ஜான் வேன். 1982இல் அவருக்கும் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாதவிடாய் வலிக்குத் தரப்படும் மெஃபனமிக் அமிலம், இபுபுரோஃபென் இரண்டும் இதே வழியில் வேலை செய்பவை. உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவானதை அழிக்காது. எனவே வலி உச்சத்துக்குப் போனபின் போட்டால் பலன் குறைவு. வலி தொடங்கும்போதே போட்டால் பலன் அதிகம். இதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பைச் சுவரையும் காக்கிறது. அதனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு பேருந்து ஏறும் பிள்ளைக்குப் பத்து மணிக்கு நெஞ்செரிச்சல் வரும்.

எங்கள் பக்கம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே இந்த மாத்திரையை ஒன்றிரண்டாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மெஃபனமிக் அமிலத்தால் அரிதாகத் தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரிக்கை வெளியிட்டது. அரிது என்பதை மறக்க வேண்டாம். ஆயினும் ஆசிரியர் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொருள் அல்ல இது. மருத்துவர் எழுதிக் கொடுத்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு வரட்டும். பள்ளியில் நாம் செய்யக்கூடியது ஒத்தடம். தொடர்ச்சியாகச் சுமார் 39 டிகிரி இளஞ்சூடு அடிவயிற்றில் இருந்தால் வலி குறைவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்துள்ளது. சத்துணவுக் கூடத்தில் வெந்நீர் கிடைக்கும். ஒரு பாட்டிலில் நிரப்பித் துண்டு சுற்றிக் கொடுத்தால் போதும். கொதிக்கும் நீரை நேரடியாக மெல்லிய பாட்டிலில் ஊற்ற வேண்டாம்.

உப்புசம்: நாடா இறுகுகிறதா, வளையல் இறுகுகிறதா?

உப்புசம் என்ற சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று குடலில் காற்றும் மலமும் தங்குவது. மற்றொன்று உடலில் நீர் தங்குவது. எளிய சோதனை ஒன்று உண்டு. வயிறு மட்டும் பொம்மி, சுடிதார் நாடா இறுகினால் பெரும்பாலும் குடல். வளையல், மோதிரம் இறுகி, மார்பு கனத்து வலித்து, மாலையில் சாக்ஸ் கழற்றும்போது கணுக்காலில் தடம் ஆழமாக இருந்தால் நீர். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

குடல் விஷயம் புரோஜெஸ்டிரானின் வேலை. கரு தங்கினால் கருப்பை சுருங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அது கருப்பைத் தசையைத் தளர்த்துகிறது. குடலின் தசையும் அதே இனம் என்பதால் அதுவும் மந்தமாகிறது. உணவு மெதுவாக நகர, நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைக்க அவகாசம் கிடைக்கிறது, காற்று சேர்கிறது. எல்லா ஆய்வுகளிலும் இந்த மந்தம் ஒரே அளவில் தெரியவில்லை. சிலருக்கு மிகுதி, சிலருக்கு இல்லவே இல்லை. புரோஜெஸ்டிரான் இறங்கி புரோஸ்டாகிளாண்டின் வந்ததும் குடல் எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. நான்கு நாள் மலச்சிக்கல், ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு என்று ஒரு பெண் சொன்னால் அவள் இந்த இரண்டு கட்டங்களையும் சரியாகவே விவரிக்கிறாள்.

நீர் விஷயம் சற்றுச் சுற்றுவழி. புரோஜெஸ்டிரான் சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோனுக்குத் தடையாக நின்று, உப்பைக் கொஞ்சம் கூடுதலாக வெளியேற்றுகிறது. உடல் சும்மா இருக்குமா? ஆல்டோஸ்டீரானைக் கூட்டிச் சுரந்து ஈடுகட்டுகிறது. கடைசி நாள்களில் புரோஜெஸ்டிரான் திடீரென விலகும்போது, கூட்டி வைத்த ஆல்டோஸ்டீரான் இன்னும் இருக்கிறது. தடை போய்விட்டது. உப்பும் அதன் பின்னே நீரும் உடலில் தங்குகின்றன. இது ஒரு விளக்கம். முழுக் கதையும் இதுவே என்று சொல்லிவிட முடியாது. கனடாவில் 62 பெண்கள் ஓராண்டு முழுதும் தினமும் எழுதிய குறிப்புகளை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. நீர் தங்கும் உணர்வு முந்தைய நாள்களில் படிப்படியாக ஏறி, உதிரப்போக்கின் முதல் நாளில்தான் உச்சம் தொட்டது. ஹார்மோன் அளவுக்கும் அந்த உணர்வின் கடுமைக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. எங்கள் மாணவியின் காலண்டரில் 'உ' புள்ளி வைத்த நாளில் மிகுந்திருந்ததும் இதனுடன் ஒத்துப்போகிறது. உணர்வு பெரிதாக இருக்கும் அளவுக்கு எடை ஏறுவதில்லை என்பதையும் சொல்லிவிடலாம். "குண்டாயிட்டேன்" என்று மதிய உணவைத் தவிர்க்கும் பிள்ளைக்கு அது தேவை.

அந்தக் காலண்டரில் ஆகஸ்ட் 22, 23 தேதிகளிலும் 'உ' இருந்தது. அவை சுழற்சியின் 7, 8ஆம் நாள்கள். கார்பஸ் லூட்டியமே இல்லாத காலம். விசாரித்ததில், அந்த இரண்டு நாளும் பள்ளி விட்டு வீடு சேரும்வரை தண்ணீர் குடிக்கவில்லை என்றாள். ஏன் என்று பெண் ஆசிரியர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். கழிப்பறைக்குப் போகாமல் இருக்கத்தான். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், வயிறு உப்பும். ஹார்மோனின் தலையில் போட முடியாத உப்புசம் இது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மந்தமாக இருக்கும் குடலோடு இந்தப் பழக்கமும் சேர்ந்தால் தொல்லை இரட்டிப்பாகும். 'நீர் தங்குது, அதனால தண்ணியைக் குறைச்சுக்கோ' என்று சொல்பவர்களும் உண்டு. அது தலைகீழ். தங்க வைப்பது உப்பு. தண்ணீர் குறைந்தால் உடல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

பசி: அத்தோவும் கருவாடும்

இந்தப் பகுதியில் மாலை நேரத் தள்ளுவண்டி என்றால் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த உணவு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு. "அந்த வாரம் வந்தா அத்தோ இல்லாம முடியாது மிஸ்" என்று சொல்பவர்கள் உண்டு. இன்னொருத்திக்கு மாங்காயும் உப்புக் காரமும், இன்னொருத்திக்கு வறுத்த கருவாட்டுடன் பழைய சோறு.

பசி உண்மையானதா, மனப்பிரமையா? பசி உண்மை. அண்டம் விடுபட்ட பின் புரோஜெஸ்டிரானால் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, உதிரப்போக்கு வரை அப்படியே இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போதும் உடல் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கிறது. சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் பசியைச் சற்று அடக்கி வைத்திருக்கும். பின் பாதியில் புரோஜெஸ்டிரான் அதன் பிடியைத் தளர்த்துகிறது. இந்த நாள்களில் பெண்கள் உண்ணும் அளவு நாளொன்றுக்குச் சுமார் 90 முதல் 500 கலோரி வரை கூடுவதாகப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஒரு தோசையிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு வரை என்று வைத்துக்கொள்ளலாம். புரோஜெஸ்டிரான் உயர்ந்து நிற்கும்போதே இது நடப்பதால்தான் 'ப' எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது.

எதன்மேல் ஆசை என்பது வேறு கதை. அமெரிக்கப் பெண்கள் இந்த நாள்களில் சாக்லேட்டுக்கு ஏங்குவது பிரசித்தம். அது ஹார்மோனின் வேலை என்றே நம்பப்பட்டது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறிய பெண்களிடம் அந்த ஏக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. ஹார்மோன் நாடு பார்த்து வேலை செய்யாது. பசியைத் தருவது உடல். அந்தப் பசிக்குச் சாக்லேட் என்றோ அத்தோ என்றோ பெயர் வைப்பது வளர்ந்த தெரு. மூளையில் செரட்டோனின் குறைவதால் மாவுச்சத்தை நாடுகிறோம் என்பதும் ஒரு கருத்து. சிலருக்குப் பொருந்தலாம். எல்லாருக்கும் என்று நிறுவப்படவில்லை.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கண்ணி இதுதான்: முதலில் வருவது பசி, அது கேட்பது உப்பும் காரமும், அடுத்த நாள்களில் உடல் உப்பைப் பிடித்து வைக்கும் நேரம். ஊறுகாய், கருவாடு, பாக்கெட் தீனி எல்லாம் சரியாக அந்த நேரத்தில் உள்ளே போகின்றன. அத்தோவை நிறுத்து என்று நான் சொல்வதில்லை, யாரும் கேட்கப் போவதில்லை. காலையில் சாப்பிடாமல் வந்து மாலை நான்கு மணிக்கு வண்டியில் அள்ளிச் சாப்பிடுவதற்குப் பதில், அந்த வாரம் மட்டுமாவது காலை உணவையும் சத்துணவு முட்டையையும் விடாதே என்பேன். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டு வறுத்தால் உப்பு பெருமளவு போய்விடும். இது அம்மாக்களுக்கே தெரிந்ததுதான்.

பசியோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று இருக்கிறது. பச்சரிசி மெல்வது, ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது, சாக்பீஸ், திருநீறு, மண் தின்பது. இது நாள் பார்த்து வராது, மாதம் முழுதும் இருக்கும். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. சாக்பீஸ் டப்பா சீக்கிரம் காலியாகிறது என்றால் யார் என்று பார்த்து, வியாழக்கிழமை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்றும் பாருங்கள். மாத்திரைக்குப் பின் மலம் கறுப்பது இயல்பு என்று முன்பே சொல்லிவிட்டால் எறிவது குறையும்.

எப்போது மருத்துவரிடம் அனுப்புவது

காலண்டரில் மூன்று மாதம் குறித்தபின், வழக்கமான வரிசையிலிருந்து விலகுவது கண்ணில் படும். உதிரப்போக்கு நின்ற பின்னும் தொடரும் வலி, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும் வலி, மாத்திரை போட்டும் ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கு வர முடியாத வலி, மலம் சிறுநீர் கழிக்கும்போது வலி. இவை எண்டோமெட்ரியோசிஸ் போன்ற வேறு காரணத்தைக் காட்டலாம். அதில் எண்டோமெட்ரியம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதந்தோறும் அங்கேயும் அழற்சி உண்டாகிறது. இவர்களைத்தான் "பொறுத்துக்கோ" என்ற சொல் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருக்கிறது.

வலியைவிட மனம்தான் அதிகம் புரட்டிப் போடப்படுகிறது, அந்த வாரம் மட்டும் அழுகையும் வாழப் பிடிக்காத பேச்சும் வருகிறது, உதிரப்போக்கு தொடங்கியதும் தெளிந்துவிடுகிறது என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. அதை நாடகம் என்று சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பதினான்கு, பதினைந்து வயது. மற்ற வளர்ச்சிகள் எல்லாம் வந்துவிட்டன. இன்னும் பெரியவளாகவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை நான்கைந்து நாள் அடிவயிற்று வலியும் உப்புசமும் வந்து போகின்றன. இப்படி ஒரு பெண் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பிறப்புறுப்பின் வாயிலில் உள்ள சவ்வு திறப்பின்றி மூடியிருந்தால் மாதவிடாய் உதிரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால் சிறுநீர் அடைப்பு வரை போகும். வருகைப் பதிவேட்டில் மாதம் ஒருமுறை ஒரே இடைவெளியில் விடுப்பு விழுகிறதா என்று வகுப்பாசிரியர் பார்த்தாலே இது பிடிபடும்.

முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைப்பட்டால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ அனுப்புவார்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்கள் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். போகும்போது காலண்டர் தாளைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "கடைசியா எப்போ வந்தது?" என்பதுதான். பல பிள்ளைகள் அதற்கு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். தேதியோடு, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நின்றது என்பதும் தாளில் இருந்தால் மருத்துவருக்கு வேலை எளிது. புதுயுகம் நாப்கின் வழங்கும் நாளில் பிள்ளைகள் எல்லாரும் ஓரிடத்தில் இருப்பார்கள். மூன்று எழுத்துகளையும் ஒரு புள்ளியையும் சொல்லிக் கொடுக்க அன்றைக்குப் பத்து நிமிடம் போதும்.